அவர் கரைக்கு வந்த இரவும் மிச்சமிருந்த எட்டுக் குளிசையும்

கேள்வி:

டொக்டர், எனக்கு வயது 31. திருகோணமலையில் இருக்கிறேன். கணவர் கொட்பேயிலிருந்து பலநாள் படகில் கடலுக்குப் போகிறவர். இரண்டு மாதத்துக்கு முன் மஞ்சள் கலந்த வெள்ளைபடுதலும் நாற்றமும் கடுப்பும் இருந்ததால் கிளினிக்குக்குப் போனேன். ட்ரைக்கோமோனாஸ் என்ற கிருமித் தொற்று என்று சொல்லி 400 மில்லிகிராம் மெற்றோனிடசோல் காலை ஒன்று, இரவு ஒன்று என 7 நாளுக்குத் தந்தார்கள். அவருக்கும் அதே மாதிரி 14 குளிசை தந்துவிட்டார்கள். அவர் கடலில் இருந்ததால் நான் மட்டும் ஒழுங்காகக் குடித்து முடித்தேன், முழுக்கச் சுகம். நான் முடித்து மூன்றாம் நாள் அவர் வந்தார். அடுத்த நாள்தான் விஷயத்தைச் சொல்லிக் குளிசையைக் கொடுத்தேன். மூன்று நாள் குடித்தார், சனிக்கிழமை கூட்டாளிமாருடன் குடிக்க வேண்டும் என்று நிறுத்திவிட்டார். பக்கெட்டில் இன்னும் எட்டுக் கிடக்கிறது. அவருக்கு ஒரு வருத்தமும் இல்லை. எனக்கு மூன்று கிழமையில் எல்லாம் திரும்பி வந்துவிட்டது. மருந்துக்கடையில் உள்ளே வைக்கும் மாத்திரை வைக்கச் சொல்கிறார்கள். மாமி கன்னியாவில் குளித்ததால் வந்தது என்கிறார். எனக்குள் வேறு சந்தேகமும் ஓடுகிறது. மருந்து பிழையா? கூடின மருந்து வேண்டுமா? எப்போது திரும்பச் சோதிப்பது? அவர் 10ஆம் திகதி வருகிறார், 22ஆம் திகதி திரும்பப் போய்விடுவார்.

பதில்:

அன்புள்ள சகோதரி,

மருந்தில் பிழை இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. நீங்கள் எழுதியதில் என் கண்ணில் முதலில் பட்டது அவர் கரைக்கு வந்த அந்த ஒரு இரவுதான். உங்கள் 14 குளிசையும் தன் வேலையைச் செய்து முடித்துவிட்டது. அறிகுறி முழுக்கப் போனதே அதற்கு அடையாளம். அவர் உடம்பில் இருந்த கிருமிக்கு அன்றைக்கு ஒரு குளிசைகூடப் போகவில்லை. அன்றிரவு அது உங்களிடம் திரும்ப வந்திருக்க வேண்டும். இந்தக் கிருமி உள்ளே போய் அறிகுறி காட்டப் பொதுவாக 5 நாள் முதல் 28 நாள் வரை எடுக்கும். உங்களுக்கு மூன்று கிழமையில் திரும்பியது அந்தக் கணக்குக்குள் சரியாக விழுகிறது. ஒருமுறை வந்து சுகமானவருக்கு மறுமுறை தொற்றாது என்ற காப்பும் இந்த நோயில் கிடையாது.

கிளினிக்கில் 'இரண்டு பேரும் சேர்ந்து குடியுங்கள்' என்று சொல்லி இரண்டு பக்கெட்டைக் கையில் தருகிறோம். கடலுக்குப் போகிறவர், வெளிநாட்டில் வேலை செய்கிறவர், கொழும்பில் நிற்கிறவர் என்று வரும்போது அந்த 'சேர்ந்து' என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்பதை நாங்கள் விரித்துச் சொல்வது குறைவு. ஒரே நாளில் தொடங்குவது நல்லதுதான், ஆனால் நோய் திரும்புமா இல்லையா என்பதைத் தீர்மானிப்பது தொடங்கிய நாள் அல்ல. இருவரில் யார் கடைசியாக முடிக்கிறாரோ அவர் முடிக்கும்வரை இருவரும் உடலுறவு கொள்ளாமல் இருக்க வேண்டும். நீங்கள் ஒரு மாதம் முந்தியே முடித்திருந்தாலும், அவர் வந்து முதலில் தன் மருந்தை முடித்து, அதன் பிறகுதான் நெருங்கியிருந்தால் உங்களுக்கு இது திரும்பியிருக்காது. ஆகவே இந்தமுறை பார்க்க வேண்டியது அவருடைய கடைசிக் குளிசையைத்தான்.

அவருக்கு ஒரு வருத்தமும் இல்லை என்கிறீர்கள். இந்த நோயில் பெரும்பாலான ஆண்களுக்கு அப்படித்தான். கிருமி சிறுநீர்க் குழாயின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டு இருக்கும், சிலருக்கு புரொஸ்டேட் சுரப்பியிலும் இருக்கும். எரிவு இருக்காது, சீழ் இருக்காது, மீன்பிடிக்கப் போய் வருவதில் ஒரு குறையும் தெரியாது. அதனால்தான் அவரைச் சோதித்துப் பார்த்துவிட்டுப் பிறகு மருந்து கொடுப்போம் என்று நாங்கள் காத்திருப்பதில்லை. ஆண்களிடம் இந்தக் கிருமியை நுண்ணோக்கியில் பிடிப்பது மிகவும் கடினம். 'சோதனையில் ஒன்றும் இல்லை' என்று ஒரு துண்டு கையில் இருந்தாலும் அது அவரைச் சுத்தம் என்று காட்டாது. மனைவிக்கு உறுதியானால் கணவருக்கும் மருந்து உண்டு, அவ்வளவுதான். அவரிடம் கதைக்கும்போது 'உங்களுக்கு நோய் இருக்கிறது' என்று தொடங்குவதை விட, 'டொக்டர் இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் மருந்து தருவாராம், ஒருவர் குடிக்காவிட்டால் மற்றவருக்குத் திரும்ப வருமாம்' என்று தொடங்கிப் பாருங்கள். நான் கண்ட ஆண்கள் பலர் இந்த இரண்டாவது பேச்சுக்குத்தான் கிளினிக் வாசல்வரை வந்திருக்கிறார்கள்.

இனி அவர் நிறுத்திய காரணத்துக்கு வருகிறேன். மெற்றோனிடசோல் குடிக்கும்போது மது குடித்தால் முகம் சிவந்து, தலை இடித்து, வாந்தி வரும் என்ற எச்சரிக்கை பல வருடமாக இருக்கிறது. மருந்துப் பெட்டியில் உள்ள தாளிலும் அப்படித்தான் இருக்கும். அதற்கான ஆதாரம் நினைத்ததைவிடப் பலவீனமானது என்று பின்னாளில் ஆராய்ந்தவர்கள் கண்டார்கள். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் 2021ஆம் ஆண்டு வழிகாட்டி இந்த மருந்துக்காக மதுவை விலக்கத் தேவையில்லை என்றே சொல்கிறது. ஆனாலும் நான் என் கிளினிக்கில் குடிக்காதீர்கள் என்றுதான் சொல்கிறேன். வெறும் வயிற்றில் சாராயமும் இந்தக் குளிசையும் சேர்ந்தால் வயிற்றைப் பிரட்டும் என்பதை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் உங்கள் கணவருக்கு நடந்ததைப் பாருங்கள். 'குடித்தால் ஆபத்து' என்ற பயம் அவரைக் குடியை விட வைக்கவில்லை, குளிசையை விட வைத்துவிட்டது. மருந்து பாதியில் நின்றதால் வந்த கெடுதல் அந்த ஒரு சனிக்கிழமைக் குடியால் வரக்கூடியதைவிடப் பெரியது. இனி அப்படி ஒரு நாள் தவறுதலாகக் குடித்துவிட்டால்கூட மருந்தை நிறுத்த வேண்டாம் என்று அவரிடம் சொல்லுங்கள். கிளினிக்குக்குப் போன் எடுத்துக் கேட்கலாம்.

அவருக்கு இதைவிட வசதியான வழியும் ஒன்று இருக்கிறது. ஆண்களுக்கு 2 கிராம் மருந்தை ஒரே வேளையில் கொடுக்கலாம். 400 மில்லிகிராம் குளிசையென்றால் ஐந்து, ஒன்றன்பின் ஒன்றாகச் சாப்பாட்டுக்குப் பிறகு விழுங்க வேண்டும். கிளினிக்கில் தாதி பார்த்திருக்கவே குடித்துவிட்டுப் போகலாம். பக்கெட்டை வீட்டுக்குக் கொண்டுபோய் எண்ணிக்கொண்டிருக்கத் தேவையில்லை. நாக்கில் பழைய சில்லறையை வைத்த மாதிரி ஓர் உலோகச் சுவை ஒன்றிரண்டு நாள் நிற்கும், கொஞ்சம் ஓங்காளிக்கும், சிறுநீர் கடும் நிறமாகப் போகலாம். இவை மருந்தின் தன்மைதான், பயப்பட வேண்டாம். விழுங்கிக் கொஞ்ச நேரத்துக்குள் வாந்தி எடுத்துவிட்டால் மட்டும் திரும்பி வந்து சொல்ல வேண்டும், மருந்து உள்ளே நின்றதா என்று பார்க்க வேண்டும். அவர் இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் குடிக்கிறவர் என்றால் முன்கூட்டியே சொல்லுங்கள், இந்த மருந்து அதன் வேகத்தைக் கூட்டிவிடும்.

'அப்படியென்றால் எனக்கும் ஐந்து குளிசையை ஒரேயடியாகத் தந்தால் என்ன?' என்று கேட்பீர்கள். முன்பு பெண்களுக்கும் அப்படித்தான் கொடுத்தோம். அமெரிக்காவில் 600க்கு மேற்பட்ட பெண்களை இரண்டு பகுதியாகப் பிரித்து, ஒரு பகுதியினருக்கு ஒரே வேளையும் மற்றவர்களுக்கு 7 நாளும் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2018இல் வெளிவந்தது. நான்கு கிழமை கழித்துச் சோதித்தபோது ஒரே வேளை எடுத்தவர்களில் நூற்றுக்கு 19 பேருக்குக் கிருமி இருந்தது, 7 நாள் எடுத்தவர்களில் நூற்றுக்கு 11 பேருக்குத்தான் இருந்தது. அதனால் உங்களுக்கு மறுபடியும் அதே 7 நாள்தான். இரட்டிப்பாகவோ புதிதாகவோ ஒன்றும் வேண்டாம்.

உள்ளே வைக்கும் மாத்திரையை வாங்க வேண்டாம். கடையில் சாதாரணமாகத் தருவது குளொட்ரிமசோல், அது பூஞ்சைக்கு உரியது. மெற்றோனிடசோலையே களிம்பாகப் போட்டாலும் போதாது. இந்தக் கிருமி பிறப்புறுப்பின் வழியில் மட்டும் இருப்பதில்லை, சிறுநீர்க் குழாயிலும் பக்கத்துச் சுரப்பிகளிலும் பதுங்கியிருக்கும். மேலே பூசுவது அங்கே தேவையான அளவுக்குப் போய்ச் சேராது. வாயால் குடித்து இரத்தத்தில் கலந்தால்தான் எட்டும். இடையில் மாதவிடாய் தள்ளிப்போயிருந்தால் கிளினிக்கில் கட்டாயம் சொல்லுங்கள். கர்ப்பிணிகளுக்கும் இந்தக் குளிசையை வைத்தியர் கொடுப்பதுண்டு, குறைமாதப் பிரசவத்துடன் இந்த நோய்க்குத் தொடர்பு இருக்கிறது.

சரி, இப்போது உங்கள் நாட்களை வைத்தே பார்ப்போம். 10ஆம் திகதி அவர் வருகிறார். அன்றிரவு ஒன்றும் வேண்டாம். அதை அவர் கரையேறும் முன்பே போனில் சொல்லிவிடுங்கள், வீட்டுக்கு வந்த பிறகு சொல்வது உங்களுக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்பது போனமுறையே தெரிந்துவிட்டது. 11ஆம் திகதி இருவருமாக வைத்தியசாலைப் பாலியல் நோய் சிகிச்சை கிளினிக்குக்குப் போங்கள். அன்று கிளினிக் இல்லையென்றால் அடுத்த நாள், திகதிகளை ஒரு நாள் தள்ளிக்கொள்ளுங்கள். வேறு வைத்தியரின் கடிதம் தேவையில்லை, காசு இல்லை, உங்கள் விபரம் வெளியே போகாது. அங்கே அவர் ஐந்து குளிசையைக் குடித்தாரென்றால் அவருக்கு அந்த நாளிலிருந்து ஏழு நாள் காத்திருப்பு, அது 18ஆம் திகதி முடியும். நீங்கள் 11ஆம் திகதி இரவு முதல் குளிசையைப் போட்டால் பதினான்காவது குளிசை 18ஆம் திகதி காலையில் வரும். ஆக இருவருக்கும் ஒரே நாள்தான். வைத்தியர் அவருக்கும் 7 நாள்தான் எழுதினாலும் கணக்கு மாறாது. 18ஆம் திகதி உங்களுக்கு அறிகுறி எதுவும் இல்லையென்றால் தடை நீங்கியது. வெள்ளைபடுதல் இன்னும் இருந்தால் அது போகும்வரை பொறுக்க வேண்டும். மறுசோதனை முடியும்வரை ஆணுறை போட்டுக்கொள்வது நல்லது. குளிசை குடிக்கும் அந்த ஏழு நாளுக்குள் ஆணுறை இருக்கிறதே என்று நெருங்க வேண்டாம், முழு விலக்குத்தான் அப்போது வேண்டும்.

மறுசோதனையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எந்தச் சோதனை செய்கிறார்கள் என்பதைப் பொறுத்து நாள் மாறும்.

கிளினிக்கில் உடனடியாகப் பார்ப்பது நுண்ணோக்கிச் சோதனை. பஞ்சுக்குச்சியில் எடுத்த கசிவை உப்புநீர்த் துளியில் கலந்து கண்ணாடியில் வைத்துப் பார்ப்பார்கள். வெள்ளையணுவைவிடச் சற்றுப் பெரிதாக, ஒரு பேரிக்காயைச் சின்னதாக்கிய மாதிரி இருக்கும் இந்தக் கிருமி. முன்பக்கத்தில் சாட்டை மாதிரி நான்கு இழை. அவற்றை அடித்துக்கொண்டு விட்டுவிட்டு வெட்டி வெட்டி நகரும். சுற்றியுள்ள அணுக்கள் அசையாமல் கிடக்க, அது மட்டும் துடிக்கும். அந்தத் துடிப்பைக் கண்டுதான் நாங்கள் 'இருக்கிறது' என்கிறோம். மாதிரி ஆறிப்போனாலும் உலர்ந்தாலும் துடிப்பு நின்றுவிடும், நின்றால் வெள்ளையணுவோடு வேறுபாடு தெரியாது. எடுத்து ஒரு மணி நேரத்துக்குள்ளேயே கண்டுபிடிக்கும் திறனில் ஐந்தில் ஒரு பங்கு வரை இழந்துவிடலாம். நல்லபடி செய்தாலும் நோயுள்ள பெண்களில் ஏறத்தாழப் பாதி முதல் மூன்றில் இரண்டு பங்கு பேரைத்தான் இந்தச் சோதனை பிடிக்கும். ஆகவே கிருமி தெரிந்தால் அது உயிரோடு இருக்கிறது என்று நம்பலாம். தெரியவில்லை என்றால் முழு நிம்மதி கொள்ள முடியாது. போகிற நாளில் உள்ளே தண்ணீர் விட்டுக் கழுவாதீர்கள், உள்ளே எதையும் வைக்காதீர்கள், மாதவிடாய் நாளைத் தவிர்த்துவிடுங்கள்.

மற்றது கிருமியின் மரபணுப் பொருளைத் தேடும் சோதனை. அது மிகவும் நுட்பமானது, தவறவிடுவது குறைவு. அந்த நுட்பமே அவசரப்பட்டால் நம்மை ஏமாற்றிவிடும். மருந்தால் செத்த கிருமியின் துகளும் சில நாள் உள்ளே கிடக்கும், சோதனை அதையும் 'இருக்கிறது' என்று காட்டிவிடும். அதனால் கடைசிக் குளிசையிலிருந்து மூன்று கிழமைக்கு முன் அதைச் செய்யக்கூடாது. உங்கள் கடைசிக் குளிசை 18ஆம் திகதி என்றால், அடுத்த மாதம் 10ஆம் திகதிக்குப் பிறகு என்று குறித்துவையுங்கள். எங்கோ தனியார் ஆய்வுகூடத்தில் பத்தாம் நாள் சோதித்து 'பொசிற்றிவ்' என்று வந்த தாளோடு அழுதுகொண்டு வந்த பெண்ணை நான் பார்த்திருக்கிறேன். நான்கு கிழமையில் திரும்பச் செய்தபோது ஒன்றும் இல்லை. அதற்குள் வீட்டில் நடந்த சண்டையைத்தான் திருப்பி எடுக்க முடியவில்லை.

அறிகுறி எதுவும் இல்லாவிட்டாலும் மூன்று மாதத்துக்குள் ஒருமுறை உங்களைச் சோதித்துவிடுங்கள். சிகிச்சை பெற்ற பெண்களிடம் இது திரும்பி வருவது அதிகம் என்பதால்தான் அப்படிச் சொல்கிறோம். அந்த இடைவெளியில் அவர் இன்னொருமுறை கரைக்கு வந்து போயிருப்பார், அதற்குப் பிறகு செய்கிற சோதனை உங்களுக்கு இன்னும் பயனுள்ளது. அறிகுறி இல்லாத ஆணுக்கு மறுசோதனை வழக்கமாகச் செய்வதில்லை.

இவ்வளவும் சரியாக நடந்து, இருவரும் முழுமையாகக் குடித்து, இடையில் ஒருமுறைகூடத் தவறாமல் இருந்தும் மறுசோதனையில் கிருமி இருந்தால், அப்போதுதான் மருந்துக்கு அது பணியவில்லையோ என்று நாங்கள் யோசிப்போம். அப்படி நடப்பதும் உண்டு. அதற்கு மெற்றோனிடசோலோ டினிடசோலோ கூடுதல் அளவில் 2 கிராம் வீதம் 7 நாளுக்குக் கொடுக்கும் முறை இருக்கிறது. அது வைத்தியர் பக்கத்தில் இருந்து தர வேண்டியது, கடையில் வாங்கி நீங்களாகக் கூட்டிக் குடிக்க வேண்டாம். உங்கள் நிலையில் நாம் இன்னும் அந்த இடத்துக்கு வரவில்லை.

கன்னியாவை விட்டுவிடலாம். அங்கே கிணற்றிலிருந்து அள்ளித் தலையில் ஊற்றுகிற வெந்நீரால் இது வராது, கடற்குளிப்பாலும் மலசலகூட இருக்கையாலும் இது வருவதாகவும் கொள்வதில்லை. இது உடலுறவால் தொற்றும் நோய். அதைச் சொன்னவுடனே உங்கள் மனதில் ஓடும் அந்த மற்றக் கேள்வி வரும் என்று எனக்குத் தெரியும். இந்தச் சோதனையால் அதற்குப் பதில் சொல்ல முடியாது, சகோதரி. இந்தக் கிருமி ஒரு சத்தமும் இல்லாமல் உடலில் மாதக்கணக்கில், பெண்களிடம் சிலவேளை வருடக்கணக்கில் இருக்கும். இன்று தெரியவந்த தொற்று எப்போது வந்தது, யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்பதற்கு அதில் திகதி எழுதியிருப்பதில்லை. உங்கள் திருமணத்துக்கு முன்பிருந்தே இருவரில் ஒருவரிடம் இருந்திருக்கலாம். சமீபத்தில் வந்திருக்கவும் கூடும். நான் அவருக்காகவும் பேசவில்லை, அவரைக் குற்றம் சாட்டவும் இல்லை. கேட்க வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றினால் கேளுங்கள், ஆனால் ஆய்வுகூடத் தாளைச் சாட்சியாக வைத்துக் கேட்காதீர்கள், அது அதற்குத் தாங்காது. வேறு யாருடனும் அவருக்குத் தொடர்பு இருந்தால் அதை உங்களிடம் சொல்லாவிட்டாலும் கிளினிக்கில் தனியாகச் சொல்லலாம். அந்தப் பெண்ணுக்கும் மருந்து போக வேண்டும், இல்லாவிட்டால் 18ஆம் திகதிக் கணக்கு எல்லாம் வீணாகும். அதனால் அவரை உள்ளே தனியாகப் பேச விடுங்கள், வெளியே இருங்கள்.

அன்றைக்கே இருவரும் எச்.ஐ.வி., சிபிலிஸ், கொனோரியா சோதனைகளையும் செய்துகொள்ளுங்கள். ட்ரைக்கோமோனாஸ் இருக்கும்போது அந்தத் தோல் புண்பட்டிருப்பதால் எச்.ஐ.வி. தொற்றும் வாய்ப்புக் கூடும், அதனால் அதைச் சேர்த்துப் பார்ப்பது எங்கள் வழக்கம். ஒருமுறை இரத்தம் கொடுத்தால் முதல் இரண்டும் முடிந்துவிடும்.

அந்த எட்டுக் குளிசையை மட்டும் அவர் விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டாம். ஒரு மாதத்துக்கு முன்பே நின்றுபோன ஒன்றை இன்று தொடர்வது ஒரு சிகிச்சை ஆகாது, புதிதாகத்தான் தொடங்க வேண்டும். நீங்களும் உங்களுக்கென்று அதை எடுக்காதீர்கள், எட்டு என்பது நான்கு நாளுக்குத்தான் வரும். பக்கெட்டை அப்படியே கையோடு கொண்டுபோய் மேசையில் வையுங்கள். அவர் எத்தனை குடித்தார், எத்தனை விட்டார் என்பதை நீங்கள் விளக்காமலே வைத்தியர் எண்ணிப் பார்த்துக்கொள்வார்.